பில்லைக் கொடுத்து வாங்கிய பணம்: விற்ற காசா, கடனா?

கோவை கணபதி பக்கம் ஒரு சிறிய லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். பெரிய பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறார்கள். 2025 பிப்ரவரி 1 அன்று சரக்கு போய்விட்டது. ஜி.எஸ்.டி. சேர்த்து பில் தொகை ₹10 லட்சம். பணம் வருவதற்குக் கெடு 90 நாள், அதாவது மே 2. அதுவரை சம்பளம், கரண்ட் பில், இரும்புக்காரர் பாக்கி எதுவும் காத்திருக்காது. லாபம் கணக்கில் ஏறிவிட்டது, கையில் காசு இல்லை.

சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டியும் தர வேண்டும். அப்படி நிலுவையில் வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023-இல் ஒரு விதி சேர்ந்தது. ஆனாலும் அடுத்த ஆர்டரைத் தரப்போகிற கம்பெனி மீது யார் புகார் கொடுப்பார்கள்? அதனால் 90 நாள் கெடு இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பில் டிஸ்கவுண்டிங்கும் ஃபேக்டரிங்கும்.

இரண்டிலும் பணம் வாங்குவது சிரமமில்லை. வாங்கிய பணத்தைக் கணக்கில் எழுதும் இடத்தில்தான் பல பட்டறைகள் தடுமாறுகின்றன. அந்தப் பணத்தை விற்ற சரக்குக்கு வந்த காசு என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா? இதற்கு ஒப்பந்தத்தின் ஒரே ஒரு ஷரத்தில் விடை இருக்கிறது.

இரண்டு வழிகள்

பில் டிஸ்கவுண்டிங் பழைய முறை. சரக்கு விற்றவர் ஒரு மாற்றுச்சீட்டு எழுதுகிறார். 'இன்ன தேதியில் இவ்வளவு தருகிறேன்' என்று வாங்கியவர் அதில் ஏற்புக் கையெழுத்துப் போடுகிறார். விற்றவர் அதை வங்கியில் கொடுத்துக் கெடுவுக்கு முன்பே பணம் வாங்கிக்கொள்கிறார். 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம்தான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. கெடுவுக்கு 73 நாள் இருக்கும்போது ₹10 லட்சம் மாற்றுச்சீட்டை ஆண்டுக்கு 12 சதவீதத்தில் டிஸ்கவுண்ட் செய்தால் ₹24,000 கழித்து ₹9,76,000 கிடைக்கும். வட்டியை முன்கூட்டியே பிடித்துவிடுவதால், கையில் கிடைத்த தொகைக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 12.3 சதவீதத்தைத் தொடும்.

ஃபேக்டரிங்கில் மாற்றுச்சீட்டு தேவையில்லை. பில் தொகையை வசூலிக்கும் உரிமையையே ஃபேக்டருக்கு மாற்றி எழுதிக் கொடுக்கிறோம். அவர் பில்லில் 80 சதவீதம் போல முன்பணம் தருவார், பார்ட்டியிடம் வசூலையும் பார்த்துக்கொள்வார், பணம் வந்ததும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். 1988-இல் ரிசர்வ் வங்கி அமைத்த கல்யாணசுந்தரம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1991-இல் ஸ்டேட் வங்கியும் கனரா வங்கியும் ஃபேக்டரிங் நிறுவனங்களைத் தொடங்கின. இதற்கென்று தனிச் சட்டம் 2011-இல் வந்தது.

இனி நம் பட்டறைக்கு வருவோம். சரக்கைப் பரிசோதித்து, பில் சரி என்று பம்ப் கம்பெனி ஒப்புதல் கொடுத்ததும், பிப்ரவரி 18 அன்று பட்டறை அதை ஃபேக்டரிடம் கொடுக்கிறது. கெடுவுக்கு இன்னும் 73 நாள். முன்பணம் 80 சதவீதம், அதாவது ₹8 லட்சம். அதற்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், கடைசியில் பிடித்துக்கொள்வார்கள். பில் தொகையில் அரை சதவீதம், ₹5,000, சேவைக் கட்டணம். அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ₹900. கட்டணத்தையும் வரியையும் முதலிலேயே கழித்துக்கொண்டதால் பட்டறையின் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது ₹7,94,100. இந்த விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், கணக்கு போடும் விதம் மாறாது.

முதல் நாளிலேயே நடக்கும் தவறு

வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து டேலியில் பதிவு போடுகிறவர், ₹7,94,100 வந்திருக்கிறது, இது பம்ப் கம்பெனி பில்லுக்கான பணம்தானே என்று நினைத்து, வங்கிக் கணக்கில் பற்றும் பம்ப் கம்பெனி கணக்கில் வரவும் எழுதிவிடுகிறார். பம்ப் கம்பெனி இன்னும் ₹2,05,900 பாக்கி என்று லெட்ஜர் சொல்கிறது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

மார்ச் முடிந்ததும் ஆடிட்டுக்காக அந்தக் கம்பெனியிடம் பாக்கி உறுதிக் கடிதம் கேட்பார்கள். அங்கிருந்து ஃபோன் வரும். "எங்க புக்ல உங்களுக்குப் பத்து லட்சம் தர வேண்டியது இருக்குதுங்க. உங்க லெட்ஜர்ல எப்படிங்க ரெண்டு லட்சம்?" அவர்கள் சொல்வதுதான் சரி. பம்ப் கம்பெனி இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. பணம் கொடுத்தவர் ஃபேக்டர்.

அந்த ஒரு பதிவில் மூன்று விஷயங்கள் காணாமல் போகின்றன. ஒன்று, ₹8 லட்சம் கடன். அது இருப்புநிலைக் குறிப்பில் எங்குமே இல்லை. இரண்டு, சேவைக் கட்டணமான ₹5,000 செலவு. மூன்று, ₹900 ஜி.எஸ்.டி. ஃபேக்டர் தரும் வரிப் பில்லை வைத்து அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். பதிவே இல்லையென்றால் அந்தச் சலுகை போய்விடும். வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கட்டணத்துக்கு உண்டு. அதனால் இரண்டையும் 'பேங்க் சார்ஜஸ்' என்று ஒரே தலைப்பில் சேர்த்துப் போடுவதும் கூடாது.

அந்த ஒரு ஷரத்து

ஃபேக்டரிங் ஒப்பந்தத்தில் 'ரெக்கோர்ஸ்' என்ற தலைப்பைத் தேடிப் பாருங்கள். பார்ட்டி பணம் தராவிட்டால் ஃபேக்டர் உங்களிடம் திரும்பி வந்து கேட்கலாமா என்பதை அது சொல்கிறது. கேட்கலாம் என்றால் அது ரெக்கோர்ஸுடன் கூடிய ஃபேக்டரிங். பணம் வராமல் போகும் ஆபத்து இன்னும் உங்கள் தலையில்தான் இருக்கிறது. ஆபத்து உங்களிடம் இருக்கும்வரை பாக்கியும் உங்களுடைய சொத்துதான், வாங்கிய பணம் கடன்தான். பெரிய கம்பெனிகள் பின்பற்றும் இந்தியக் கணக்கியல் தரம் 109 இதைத்தான் வற்புறுத்துகிறது. ஆபத்தும் பலனும் கைமாறாத பாக்கியைப் புத்தகத்திலிருந்து நீக்கக் கூடாது.

நம் பட்டறையின் ஒப்பந்தம் ரெக்கோர்ஸுடன்தான். எனவே பிப்ரவரி 18 அன்று எழுத வேண்டியது இது:

வங்கிக் கணக்கு — பற்று ₹7,94,100
ஃபேக்டரிங் சேவைக் கட்டணம் — பற்று ₹5,000
ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி — பற்று ₹900
ஃபேக்டர் முன்பணக் கடன் — வரவு ₹8,00,000

பம்ப் கம்பெனியின் லெட்ஜரைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது ₹10 லட்சமாகவே நிற்கிறது. ஃபேக்டரிடம் இருக்கும் மீதி ₹2 லட்சத்தை 'ஃபேக்டரிடமிருந்து வர வேண்டியது' என்று தனிச் சொத்தாகக் காட்டுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. அந்த இரண்டு லட்சம் ஏற்கெனவே பம்ப் கம்பெனியின் பத்து லட்சத்துக்குள் அடக்கம். தனியாகவும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

மார்ச் 31 நடுவில் வந்தால்

73 நாளுக்கு வட்டி ₹19,200. அதை மே மாதம்தான் பிடிப்பார்கள். ஆனால் பிப்ரவரி 18 முதல் மார்ச் 31 வரை 42 நாள் கடந்துவிட்டது. அந்த நாட்களுக்கான ₹11,047 பழைய நிதியாண்டின் செலவு. மார்ச் 31 தேதியிட்டு வட்டிச் செலவில் பற்று, கொடுபட வேண்டிய வட்டியில் வரவு எழுத வேண்டும். மீதி 31 நாளுக்கான ₹8,153 புதிய ஆண்டைச் சேரும்.

ஒரு பில்லுக்கு இது சிறிய தொகையாகத் தெரியலாம். மாதம் பத்துப் பதினைந்து பில் கொடுக்கும் பட்டறையில், மார்ச் கடைசியில் பாதி ஓடிய நிலையில் எத்தனை பில் நிற்கும் என்று எண்ணிப் பார்த்தால் லாபத்தில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று புரியும்.

வட்டியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ஃபேக்டர் வங்கியாக இல்லாமல் வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருந்தால், கம்பெனியாகவோ கூட்டு நிறுவனமாகவோ இருக்கும் பட்டறை அந்த வட்டியில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வட்டியை ஃபேக்டரே கழித்துக்கொண்டுவிடுவதால், நாம் எதையும் கொடுக்கவில்லையே என்று பலரும் மறந்துவிடுகிறார்கள். கழித்துக்கொண்டதும் கொடுத்ததாகவே கணக்கு. வரியை நம் கையிலிருந்து கட்டிவிட்டுச் சான்றிதழைக் கொடுத்து ஃபேக்டரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

மே 2

கெடு நாளில் பம்ப் கம்பெனி ஃபேக்டரின் கணக்குக்குப் பணம் அனுப்புகிறது. பத்து லட்சம் அல்ல, ₹9,60,000. சில ஷாஃப்ட்டுகள் அளவில் தவறு என்று சொல்லி ₹40,000 பிடித்துக்கொண்டார்கள். இப்படிப் பிடிப்பது அபூர்வமல்ல. ஃபேக்டர் முழுத் தொகையையும் முன்பணமாகத் தராமல் 20 சதவீதத்தை நிறுத்தி வைப்பதற்கு முக்கியக் காரணமே இதுதான். பிடித்தம் முதலில் நிறுத்திவைத்த பணத்தில்தான் விழும், ஃபேக்டரின் பணம் தப்பித்துவிடும்.

வந்த ₹9,60,000-இல் முன்பணம் ₹8 லட்சத்தையும் வட்டி ₹19,200-ஐயும் எடுத்துக்கொண்டு ₹1,40,800-ஐப் பட்டறைக்கு அனுப்புகிறார் ஃபேக்டர். பம்ப் கம்பெனி உண்மையில் பணம் கொடுத்தது இப்போதுதான். எனவே அதன் லெட்ஜரில் வரவு வைக்க வேண்டியதும் இப்போதுதான்:

வங்கிக் கணக்கு — பற்று ₹1,40,800
ஃபேக்டர் முன்பணக் கடன் — பற்று ₹8,00,000
கொடுபட வேண்டிய வட்டி — பற்று ₹11,047
வட்டிச் செலவு — பற்று ₹8,153
பம்ப் கம்பெனி — வரவு ₹9,60,000

லெட்ஜரில் மிச்சமிருக்கும் ₹40,000-க்குக் கிரெடிட் நோட் கொடுத்து, அதிலுள்ள ஜி.எஸ்.டி.யையும் குறைத்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. அதை வட்டியோடோ கட்டணத்தோடோ சேர்த்துவிடக் கூடாது. அது கடன் வாங்கியதற்கான செலவு அல்ல, சரக்கில் வந்த குறை. தனியாக நின்றால்தான் பட்டறைக்காரர் தன் வேலையின் தரத்தைப் பார்க்க முடியும்.

கடன் வாங்கியதற்கு ஆன செலவு எவ்வளவு? கட்டணம் ₹5,000, வட்டி ₹19,200, சேர்த்து ₹24,200. எட்டு லட்சத்தை 73 நாள் பயன்படுத்தியதற்கு இது ஆண்டுக் கணக்கில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது 12. கட்டணம் நாள் கணக்கில் வருவதில்லை, பில்லுக்கு ஒரு முறை வருவது. அதனால் கெடு எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு கனமாக விழும். 30 நாளில் பணம் வந்துவிடும் பில்லை ஃபேக்டரிடம் கொடுப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பணம் வராவிட்டால்

பார்ட்டி ஒரு மாதம் தாமதித்தால் ₹8 லட்சத்துக்கு இன்னும் 30 நாள் வட்டி, ₹7,890 கூடும். ஒப்பந்தத்தில் சொன்ன சலுகை நாட்களும் தாண்டிவிட்டால் ஃபேக்டர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். அப்போது பட்டறை தன் கையிலிருந்து ₹8 லட்சத்தையும் அதுவரையான வட்டியையும் கட்ட வேண்டும். கடன் கணக்கில் பற்று, வங்கியில் வரவு, அவ்வளவுதான். பம்ப் கம்பெனியின் பத்து லட்சம் பாக்கி அப்படியே நிற்கும். முதலில் சரியாக எழுதியிருந்தால் இங்கே எதையும் அழித்து எழுத வேண்டியதில்லை. தவறாக எழுதியவர்தான், 'வசூலாகிவிட்டது' என்று முடித்த பாக்கியை மறுபடியும் உயிர்ப்பித்துக்கொண்டிருப்பார்.

மாற்றுச்சீட்டை டிஸ்கவுண்ட் செய்வதற்குப் பாடப்புத்தகம் காட்டும் வழி கொஞ்சம் வேறு. டிஸ்கவுண்ட் செய்த உடனே மாற்றுச்சீட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மறுக்கப்பட்டால் நம் தலையில் விழக்கூடிய பொறுப்பு என்று ஆண்டுக் கணக்கின் குறிப்பில் அந்தத் தொகையைக் காட்டுவார்கள். சிறு நிறுவனங்களில் இந்தப் பழக்கம் இன்றும் உண்டு. சீட்டு மறுக்கப்பட்டால் வங்கி முழு ₹10 லட்சத்தையும், மறுப்பைப் பதிவு செய்ய ஆன செலவையும் நம் கணக்கில் பிடித்துவிடும். அப்போது பார்ட்டியின் பெயரில் மீண்டும் பற்று எழுத வேண்டும். குறிப்பைப் போட மறந்தவருடைய கணக்கில், அந்த நாள்வரை இப்படி ஒரு பொறுப்பு இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

இதைவிட ஆபத்தானது ஒரே பாக்கிக்கு இரண்டு இடத்தில் கடன் வாங்குவது. பெரும்பாலான பட்டறைகளுக்கு வங்கியில் சி.சி. கணக்கு இருக்கும். மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக், பாக்கிப் பட்டியலை வைத்துத்தான் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி முடிவு செய்கிறது. ஃபேக்டரிடம் கொடுத்த பில்லை அந்தப் பட்டியலிலும் சேர்த்தால் ஒரே பத்து லட்சத்தைக் காட்டி இரண்டு பேரிடம் பணம் வாங்கியதாகும். லெட்ஜரில் பாக்கி முழுதாக நிற்கிறதே என்று கைதவறிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஃபேக்டரிடம் போன பில்களுக்குத் தனி அடையாளம் வைத்துப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஃபேக்டரிங் தொடங்கும் முன்பே சி.சி. தந்த வங்கியிடம் தடையில்லாக் கடிதமும் வாங்க வேண்டும். பாக்கிகள் மீது முதல் உரிமை அவர்களுடையது. ஃபேக்டருக்கு மாற்றிய பில்கள் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் பதிவாவதால் இரட்டிப்பு இப்போது எளிதில் தெரிந்துவிடும்.

அதே பதிவு சரியாகும் இடம்

ரெக்கோர்ஸ் இல்லாத ஃபேக்டரிங்கும் உண்டு. நம் ஊர்ப் பட்டறைக்காரர் இதை எளிதாக அடையக்கூடிய இடம் ட்ரெட்ஸ். ரிசர்வ் வங்கி 2014-இல் இதற்கான நெறிமுறையை வெளியிட்டது. ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற மின்தளங்கள் இதை நடத்துகின்றன. ஆண்டு விற்றுவரவு ₹250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது.

பட்டறை பில்லை ஏற்றுகிறது, பம்ப் கம்பெனி 'சரி' என்று ஒப்புக்கொள்கிறது, வங்கிகள் ஏலத்தில் வட்டி கேட்கின்றன. அந்த வட்டி பட்டறையின் தகுதியைப் பார்த்து வைப்பதல்ல, பணம் கட்டப்போகும் பெரிய கம்பெனியின் தகுதியைப் பார்த்து வைப்பது. அதனால் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 9 சதவீதத்துக்கு முடிந்தது என்று வைத்தால் முழு ₹10 லட்சத்துக்கும் 73 நாளுக்கு ₹18,000 கழிந்து ₹9,82,000 கிடைக்கும். கெடு நாளில் கம்பெனி கட்டாவிட்டால் வங்கி அந்தக் கம்பெனியைத்தான் பிடிக்க வேண்டும். பட்டறையிடம் வர முடியாது.

இங்கே ஆபத்து கைமாறிவிட்டது. எனவே:

வங்கிக் கணக்கு — பற்று ₹9,82,000
பில் டிஸ்கவுண்ட் செலவு — பற்று ₹18,000
பம்ப் கம்பெனி — வரவு ₹10,00,000

பார்ட்டியின் லெட்ஜர் அன்றே முடிந்தது. கடன் கணக்கு இல்லை, மே 2 அன்று எழுதப் பதிவும் இல்லை. முதலில் தவறு என்று சொன்ன பதிவு கிட்டத்தட்ட இதே வடிவத்தில்தான் இருந்தது. அங்கே அது கடனை மறைத்தது, இங்கே நடந்ததை நடந்தபடி சொல்கிறது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் விழுந்த தொகையை மட்டும் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கும் பட்டறைக்காரர் கணக்கு எழுதுகிறவரிடம் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பந்தத்தின் நகலையும் கொடுக்க வேண்டும். பணம் வராவிட்டால் யார் கட்டுவது என்ற வரியை அடிக்கோடிட்டே கொடுக்கலாம். அங்கே பட்டறையின் பெயர் இருந்தால், பார்ட்டி கட்டி முடிக்கும் நாள்வரை அந்தப் பணம் கடன் தலைப்பில்தான் நிற்க வேண்டும்.